சித்தி சொன்ன ஆறாம் காட்சி

எனக்கு அம்மை வரக் கூடாத நேரத்தில் வந்தது. எழுபதுகளின் கடைசி. நான் அரசாங்கச் சோதனை எழுதுகிற ஐந்தாம் படிவத்தில் இருந்தேன். தமிழ் இலக்கியத் தாளுக்கு யார் யாருடைய பெயரை அனுப்புவது என்று வாத்தியார் முடிவு செய்கிற மாதம் அது. ஆளுக்கு ஒரு நாடகத்தைக் கொடுத்திருந்தார். அதைப் படித்து, வகுப்பின் முன்னால் நின்று, காட்சி காட்சியாகச் சுருக்கிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னவர்களின் பெயர் சோதனைக்குப் போகும். மற்றவர்கள் அந்தத் தாளை மறந்துவிடலாம்.

என்னால் மறக்க முடியாது. காரணம் அப்பா. அவர் தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டுகிறவர், பேச்சிலும் அதே கத்திதான். "பேரு போனா படி, வாத்தியார் வேலைக்குப் போ. போகலன்னா திங்கக்கெழம பெரட்டுல வந்து நில்லு. கங்காணிகிட்ட சொல்லி வெச்சிட்டேன்" என்றார். விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தைத்தான் பெரட்டு என்போம். அங்கே ஒருமுறை நின்றுவிட்டவள் திரும்பிப் பள்ளிக்கூடம் போனதை தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் நான் பார்த்ததில்லை. என்னுடன் படித்தவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே முதுகில் கூடையோடு மலைமேல் இருந்தார்கள். எனக்கு அந்தக் கூடை பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லித் திரிந்ததால் அவர்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை.

நாடகப் புத்தகம் கைக்கு வந்த மறுநாளே காய்ச்சல். அதற்கடுத்த நாள் முகத்தில் முத்து. அம்மா என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் கூப்பினாள். என்னைக் கும்பிடவில்லை, எனக்குள் வந்திருக்கிறவளைக் கும்பிட்டாள்.

அன்றிலிருந்து வீடு வேறு சட்டத்தின் கீழ் வந்துவிட்டது. தாளிப்பு இல்லை. தலை சீவக் கூடாது. வெளியூரிலிருந்து யாரும் உள்ளே வரக் கூடாது. வாசலில் வேப்பிலை செருக வேண்டும். எங்கள் குளிருக்கு வேப்பமரம் ஒழுங்காக வளராது, அதனால் அப்பா ரிங்லெட்டில் பஸ் ஏறி, மலையடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்கிப் போய்க் கொத்துக் கொத்தாக ஒடித்துக்கொண்டு வந்தார். பெரட்டு என்று மிரட்டிய அதே மனிதர்தான். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் இருந்தது. அம்மை கண்ட வீட்டை அம்மா வந்திருக்கிற வீடு என்போம், அங்கே கெட்ட சொல் பேசக் கூடாது. சாவு, பாடை, ஒப்பாரி, எதுவும் வாயில் வரக் கூடாது. பக்கத்து லயத்தில் ஒரு கிழவர் தவறிப்போன செய்தியைச் சொல்ல வந்தவர், வாசல் வேப்பிலையைப் பார்த்துவிட்டு, "சும்மாத்தான் வந்தேன்" என்று திரும்பிப் போனார்.

புத்தகமும் அந்தச் சட்டத்துக்குள் வந்தது. கண்ணுக்குள் முத்து இறங்கிவிடும், எழுத்தைப் பார்க்கவே கூடாது என்றாள் அம்மா. அது பள்ளிக்கூடத்துப் புத்தகம், அம்மை கண்டவள் தொட்டதைத் திருப்பிக் கொடுப்பதும் சரியில்லை. நான் அழுதேன், கத்தினேன். "முத்து உடையும், கத்தாதடி" என்றாள். முத்து எப்படியோ போகட்டும், என் படிப்பு உடைகிறதே என்று யாரும் கவலைப்படவில்லை.

சித்தி மட்டும் கவலைப்பட்டாள். அம்மாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். பேக்டரியில் தூள் சலிக்கிற வேலை. தலைமுடியில் எப்போதும் தேயிலைத் தூசி இருக்கும். என்னைவிடப் பத்து வயதுகூடப் பெரியவள் இல்லை, அதனால் எங்களுக்குள் மரியாதை என்று ஒன்றும் இல்லை. அவளுக்கு ஒரு பெயர் இருந்தது, படக்கதைக்காரி. தானா ராத்தா டவுனில் புதுப்படம் வந்தால் லயத்தில் யாராவது ஒருவர் போவார்கள், வந்து மற்றவர்களுக்குச் சொல்வார்கள். சித்தி சொன்னால் கூட்டம் கூடும். ஒரு காட்சி விடமாட்டாள், ஒன்றை முன்னே பின்னே மாற்றமாட்டாள். அவள் கதை சொன்ன படத்தை அப்புறம் போய்ப் பார்த்தவர்கள், "ஏற்கெனவே பார்த்த மாரியே இருக்கு லா" என்று வருத்தப்படுவார்கள்.

"நான் படிச்சிச் சொல்றேன். நீ காதக் குடு. அது போதும்ல?" என்றாள்.

படுக்கையறைக்கும் அடுப்படிக்கும் நடுவே கதவு கிடையாது, ஒரு சேலைத்துணி தொங்கும். சித்தி அந்தப் பக்கம் பலகையில் உட்கார்ந்து ஒரு காட்சியை மனசுக்குள் படிப்பாள். புத்தகத்தை மூடி அரிசிப் பானைமேல் வைப்பாள். அப்புறம் துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்தே சொல்லுவாள். நான் இந்தப் பக்கம் வாழையிலையில் படுத்துக்கொண்டு கேட்பேன். புத்தகம் என் பக்கம் வரவே இல்லை.

முதல் நாளே சண்டை. சித்தி படம் சொல்வது போலவே ஆரம்பித்தாள். ஆற்றங்கரை வீடு, மழை வரப் போகிறது, ஒரு விதவைத் தாய், அவளுக்குக் கல்யாணம் நிச்சயமான மகள். தாய் பேசியது, மகள் பேசியது, படகுக்காரன் இருமியது எல்லாம் வந்தது. இருமலைக்கூட இருமிக் காட்டினாள்.

"பேசினதெல்லாம் வேணாம். சுருக்கம் சொல்லு" என்றேன்.

"பேச்ச விட்டுட்டா என்னாடி இருக்கு நாடகத்துல?"

வாத்தியார் சொல்லித் தந்ததை அவளுக்குச் சொன்னேன். காட்சி எங்கே நடக்கிறது, எந்தப் பொழுது. திரை தூக்கும்போது மேடையில் யார் இருக்கிறார்கள், நடுவில் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள். வந்தவருக்கு என்ன வேண்டும், கிடைத்ததா. திரை விழும்போது எது மாறியிருக்கிறது. கடைசியாக, மேடையில் இருக்கிற ஒருவருக்குத் தெரியாத எது பார்க்கிறவர்களுக்குத் தெரியும். இவ்வளவுதான் சொல்ல வேண்டும், இதில் ஒன்றும் விடக் கூடாது.

அந்தப் பக்கம் சித்தி புத்தகத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு மறுபடி சொன்னாள். "மொத காட்சி. வீடு. சாயங்காலம். தாயும் மகளும் இருக்காங்க. படகுக்காரன் வர்றான். அவன்கிட்ட கல்யாணத் தேதி சொல்றாங்க. தாய் படகுல ஒரு விரிசலப் பாத்திருக்கா, பலகைய மாத்துன்னு சொல்றா. மாத்திடறேங்கிறான். போறான். அந்த விரிசல்லதான்டி எல்லாம் இருக்கு."

"அத இப்பவே சொல்லக் கூடாது!" என்று கத்தினேன். "மேடைல அந்த நேரத்துக்கு என்னா தெரியுதோ அத மட்டுந்தான் சொல்லணும். விரிசல் இருக்கு, அவ்ளோதான். பின்னாடி வர்றத முன்னாடி சொன்னா வாத்தியார் நிறுத்திடுவார்."

"சரி லா, தாயே. கோவிச்சுக்காத" என்றாள். தாயே என்றது என்னையா, என் மேல் இறங்கியிருந்தவளையா, தெரியாது. இரண்டு பேருக்கும் பயந்திருப்பாள்.

அப்புறம் பிடித்துக்கொண்டாள். நாளுக்கு ஒரு காட்சி. அவள் சொன்னதை நான் திருப்பிச் சொல்வேன், தவறினால் துணிக்கு அந்தப் பக்கம் நாக்கைச் சொடுக்குவாள். இரண்டாம் காட்சி ஆற்றங்கரை. படகுக்காரன் தனியாக இருக்கிறான். பலகையை மாற்றவில்லை, பழைய துணியைத் திணித்து மேலே தார் பூசுகிறான், கல்யாணம் முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். அது நமக்குத் தெரியும், தாய்க்குத் தெரியாது. மூன்றாம் காட்சி வீடு. தாய் தன்னுடைய பழைய வளையல்களை மகளுக்குப் போட்டு அழகு பார்க்கிறாள். சண்டை போட்டுப் போன மகளின் அண்ணன் அக்கரையில் வந்து நிற்கிறான் என்று சேதி வருகிறது. ஊரில் யாரும் அவனை அழைத்துவரப் போகமாட்டோம் என்கிறார்கள். நானே போகிறேன் என்று மகள் எழுகிறாள். துடுப்புப் போட்டால் உறுத்தும், வந்து போட்டுக்கொள்கிறேன் என்று வளையல்களைக் கழற்றித் தாயிடம் கொடுக்கிறாள்.

நான்காம் காட்சி மறுபடியும் கரை, மழை. படகுக்காரன் தடுக்கிறான், ஆனால் ஏன் என்று சொல்லமாட்டான், சொன்னால் அவன் பொய் வெளியே வரும். "நாளைக்குப் போகலாம்" என்று மட்டும் சொல்கிறான். அவள் துடுப்பை வாங்கிக்கொண்டு தானே போகிறாள். இதைக் கேட்கும்போது எனக்கு அரிப்பே மறந்துவிட்டது. "சொல்லித் தொலைடா" என்று துணியைப் பார்த்துக் கத்தினேன். சித்திக்குச் சந்தோஷம்.

ஐந்தாம் காட்சி வீடு, இரவு. கதவு திறக்கிறது, அண்ணன் உள்ளே வருகிறான். காத்திருந்து பார்த்துவிட்டுச் சுற்று வழியாக நடந்தே வந்திருக்கிறான். "தங்கச்சி எங்கே?" என்கிறான். தாய் பதில் சொல்லுமுன் படகுக்காரன் வந்து அவள் காலில் விழுகிறான். பேச்சு வரவில்லை. திரை.

அடுத்த நாள் சித்தி ஆறாம் காட்சியை உள்ளே உட்கார்ந்து படிக்கவில்லை. வெளிச்சம் போதவில்லை என்று வாசல் படிக்குப் போனாள். ஜன்னல் இடுக்கு வழியாக அவளைப் பார்த்தேன். படித்துவிட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து பைப்படியில் போய் முகத்தைக் கழுவினாள். எங்கள் தண்ணீர் எலும்பைக் குடையும், சும்மா யாரும் அதில் முகம் கழுவ மாட்டார்கள்.

திரும்பி வந்து வேகமாகச் சொன்னாள். "ஆறாங்காட்சி. ஆத்தங்கர. விடியக் காலைல. மழ நின்னுடுச்சு. எல்லாரும் நிக்கிறாங்க. பொண்ணு கரையோரமா நடந்து வர்றா, சேலையெல்லாம் ஈரம். படகு போச்சு, ஆனா ஒரு மரத்தப் பிடிச்சுக்கிட்டாளாம். தாய் கட்டிப்பிடிச்சுக்கிறா. வளையலப் போட்டு விடறா. கல்யாணம் நடக்குது. அவ்ளோதான். தூங்கு."

"படகுக்காரன்?"

"மன்னிச்சிட்டாங்க."

எனக்கு நிம்மதியாக இருந்தது. உடம்பு முழுக்க நெருப்பாக எரியும்போது யாருக்குத்தான் அந்தப் பெண் பிழைத்தது பிடிக்காது? நான் திருப்பிச் சொன்னேன். சித்தி நாக்கைச் சொடுக்கவில்லை. மறுநாள் புத்தகம் போய்விட்டது. மேல் லயத்தில் என் வகுப்புப் பெண் ஒருத்தி இருந்தாள். நாங்கள் வகுப்பில் சுருக்கம் சொல்லும்போது வாத்தியார் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கப் போகிறாராம், அதனால் எல்லாப் பிரதியையும் திருப்பிக் கேட்டார் என்று அவள் வாசலுக்கு வெளியே நின்று வாங்கிக்கொண்டு போனாள்.

இனித் தண்ணீர்தான் பாக்கி. அம்மை இறங்கினால் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், மூன்று முறை. மூன்றாம் தண்ணீர் ஊற்றினால்தான் வாசலைத் தாண்டலாம். அந்தத் தண்ணீரை அடுப்பில் காய்ச்சக் கூடாது. வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்து வெதுவெதுப்பாக்க வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கத்தில் யாரோ ஏற்படுத்திய சட்டம். அங்கே வெயிலுக்கு என்ன குறை! எங்கள் மலையில் பனிமூட்டம் காலையில் கதவைத் தட்டி வந்தால் சாயங்காலம்தான் போகும்.

முதல் தண்ணீரும் இரண்டாம் தண்ணீரும் எப்படியோ முடிந்தன. மூன்றாவதற்கு வெயில் வரவில்லை. அண்டாவை வாசலில் வைப்பார்கள், எடுப்பார்கள். எங்களுக்குத் தமிழ் வகுப்பு சனிக்கிழமைதான். வியாழன் போனது. வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை எதிர் மலை கண்ணுக்குத் தெரியவில்லை. நான் படுக்கையில் உட்கார்ந்து ஆறு காட்சிகளையும் வாய்க்குள் ஓட்டிக்கொண்டே ஜன்னலைப் பார்த்தேன். "அடுப்புல வெச்சா என்னாம்மா?" என்று கேட்டதற்கு அம்மா அழுதுவிட்டாள். அப்பா வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தார். எனக்கு அவர் மேல் கோபம், சாமி மேல் கோபம், பனி மேல் கோபம். மூன்று பேரில் யாரும் காதில் வாங்கவில்லை.

மூன்று மணிக்கு மேல் மூட்டம் கிழிந்தது. அம்மா அண்டாவை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டு வெயில் போகிற பக்கமெல்லாம் நகர்த்தினாள். தண்ணீர் சூடானதா, சூடானதாக அம்மா முடிவு செய்தாளா, தெரியாது. தலையில் விழுந்தபோது பல் கிட்டியது. ஆனால் மூன்றாம் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. சித்தி அப்போது வீட்டில் இல்லை. கொழுந்து அதிகமாக வந்து பேக்டரி ராத்திரியும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வருமுன் நான் தூங்கிவிட்டேன். அவள் எழுந்திருக்குமுன் பிள்ளைகளை ஏற்றிப்போகிற லோரி வந்துவிட்டது.

வகுப்பில் என்னைப் பார்த்து இரண்டு பேர் நாற்காலியை நகர்த்திக்கொண்டார்கள். வாத்தியார் ஈப்போப் பக்கத்திலிருந்து வந்தவர், குரலை உயர்த்தாதவர். அவர் குரல் உயர்ந்தால்கூட இவ்வளவு பயம் இருந்திருக்காது. என் நாடகத்தைத் திறந்து மேசைமேல் வைத்துக்கொண்டு, "ஆரம்பி" என்றார்.

ஆரம்பித்தேன். காட்சி ஒன்று, வீடு, மாலை. ஒன்றும் முந்தவில்லை, ஒன்றும் பிந்தவில்லை. இரண்டாம் காட்சியில், "இது பார்க்கிறவர்களுக்குத் தெரியும், தாய்க்குத் தெரியாது" என்றபோது வாத்தியார் தலையை லேசாக ஆட்டினார். ஐந்தாம் காட்சியில் படகுக்காரன் விழுந்தபோது வகுப்பே முன்னால் சாய்ந்து கேட்டது. எனக்குள் ஒரு திமிர் வந்துவிட்டது. பெயர் சோதனைக்குப் போய்விட்டது என்றே நினைத்தேன்.

"காட்சி ஆறு. ஆற்றங்கரை. விடியற்காலை. மழை நின்றிருக்கிறது. மகள் கரையோரமாக நடந்து வருகிறாள்..."

வாத்தியார் நிமிர்ந்தார். நான் கல்யாணம் வரை போய்விட்டேன். பின் வரிசையில் யாரோ, "டேய், சினிமாவாக்கிட்டா லா" என்றான். சிரிப்பு பரவியது.

வாத்தியார் புத்தகத்தை மூடினார். "நீ இதைப் படிக்கவில்லை. உட்கார்" என்றார்.

திங்கட்கிழமைக் கூடை முதுகில் ஏறிவிட்டது போல இருந்தது. மேல் லயத்துப் பெண் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தாள். சித்தியா? ஒரு காட்சி மாற்றாத சித்தியா? பைப்படியில் அவள் முகம் கழுவியது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. வேப்பிலையைப் பார்த்துவிட்டுச் சேதி சொல்லாமல் போனவரும் ஞாபகத்துக்கு வந்தார்.

நான் உட்காரவில்லை.

"சார், நான் படிக்கலதான். எனக்கு அம்மை. படிக்கக் கூடாது. எங்க சித்தி படிச்சிச் சொன்னாங்க. அம்மா வந்த வீட்ல சில வார்த்த பேச மாட்டாங்க சார். அதான் மாத்திட்டாங்க."

சிரிப்பு நின்றது. வகுப்பில் எஸ்டேட் பிள்ளைகள்தான் அதிகம். யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

"அடுத்தவர் சொன்னதைச் சொல்வதற்கு நான் பெயர் அனுப்ப முடியாது" என்றார் வாத்தியார்.

"முதல் அஞ்சு காட்சி சரியா சார்?"

அவர் என்னைப் பார்த்தார். கேள்வி கேட்கிற பிள்ளைகளை அவருக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்று யாருக்கும் தெரியாது. "சரி" என்றார்.

"அப்ப ஆறாவது காட்சிய நான் சொல்றேன் சார். மொத அஞ்சுலயே இருக்கு அது."

அவர் புத்தகத்தைத் திறக்கவில்லை. கையை மட்டும் அசைத்தார்.

விரிசலில் தொடங்கினேன். பலகையை மாற்றாமல் துணியைத் திணித்ததை நமக்கு இரண்டாம் காட்சியிலேயே காட்டியாகிவிட்டது. பெண் பிழைத்து வந்தால் அதைக் காட்டியிருக்க வேண்டியதே இல்லை. படகுக்காரன் நான்காம் காட்சியில் வாயை மூடிக்கொள்கிறான், ஐந்தாம் காட்சியில் காலில் விழுகிறான். நடக்காத ஒன்றுக்காக அப்படி விழமாட்டான். அண்ணன் நடந்து வந்துவிட்டான், ஆகவே அவள் போனதே வீண். பலகையை மாற்றாததைத் தாய் இன்னும் அறியவில்லை, நாம் அறிந்துவிட்டோம். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே அந்நியமாகிக்கொண்டு வந்தது. அடுத்து சொல்ல வேண்டிய வார்த்தையை எத்தனையோ நாளாக என் வீட்டில் யாரும் சொல்லவில்லை. மூன்றாம் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது என்று மனசுக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டேன்.

"அந்தப் பொண்ணு செத்துட்டா சார்."

"படகு?"

"படகு மட்டும் வரும். இல்ல, துடுப்பு மட்டும்."

"வளையல்?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. வளையல் தாயிடம்தான் இருக்கிறது. "ஆத்துல போட்டுட்டு அழுவாங்க" என்றேன்.

வாத்தியார் இல்லை என்று தலையாட்டினார். அவர் புத்தகத்தைப் பிரித்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். "துடுப்பு மட்டும் கரை ஒதுங்குகிறது, சரி. ஆனால் தாய் அழவில்லை. எல்லோரும் அழுகிறார்கள், அவள் அழவில்லை. வளையலை மடியில் வைத்துக்கொள்கிறாள். மகள் ஈரக் கையோடு வருவாள், துடைத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று முந்தானையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்து உட்காருகிறாள். திரை."

வாத்தியார் பெயர்ப் பட்டியலை இழுத்து வைத்துப் பேனாவை எடுத்தார். எழுதுகிறாரா, அடிக்கிறாரா என்று நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. மேசையோரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"கடைசிக் காட்சியைச் சுருக்கும்போது அழுகிறார்கள் என்று நீயாக எழுதிவிடாதே. மேடையில் இருப்பதை மட்டும் எழுது" என்றார். பிறகு, "பெயர் போகும். உட்கார்" என்றார்.

வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது தூறல். கேட்டருகில் காய்கறி லோரி ஒன்று நின்றது, அதன் பக்கத்தில் சித்தி. வேலைக்குக் கட்டிய சேலையோடே வந்திருந்தாள், முடியில் தூசி, கண் சிவந்திருந்தது. நான் போய்விட்டது தெரிந்ததும் வண்டிகள் போகிற சடக்குக்கு ஓடி வந்து, கிடைத்த லோரியில் கெஞ்சி ஏறியிருக்கிறாள். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. எவ்வளவு நேரம் நின்றாளோ, தோள் நனைந்திருந்தது.

"கடைசிக் காட்சி தப்புடி. நான் மாத்திச் சொல்லிட்டேன். கெடுத்துட்டேனா?" என்றாள்.

எனக்கு அவள் மேல் வந்த கோபம் வகுப்பு முடியும் வரை சேர்த்து வைத்த கோபம். "தெரியும். ஏன் சித்தி? அப்புறமாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்று கத்தினேன். வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தார்.

"மூணாந்தண்ணி ஊத்தினப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். வெயிலே வரல. நீ அந்தப் பக்கம் முத்தும் காய்ச்சலுமா கெடக்க, இந்தப் பக்கம் ஒக்காந்துக்கிட்டு ஒரு பொண்ணு செத்துப்போச்சுன்னு எப்படிச் சொல்லுவேன்? வாயில வரலடி எனக்கு."

"பேரு போயிடுச்சு" என்றேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஆனால் சிரிக்கவில்லை. என் தலையைத் தொட்டுப் பார்த்தாள். "நேத்துதான் தண்ணி ஊத்தியிருக்கு, இன்னிக்கு மழைல நிக்கிற" என்று திட்டிக்கொண்டே முந்தானையை இழுத்து என் தலையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

வகுப்பில் அத்தனை பேர் முன்னால் வராத அழுகை அப்போதுதான் வந்தது. சித்திக்குக் காரணம் தெரியாது. அவள் படித்ததுதான் அந்த முந்தானைக் காட்சி, ஆனாலும் தெரியாது. "பேருதான் போயிடுச்சுல்ல, அப்புறம் என்னாடி?" என்று கேட்டுக்கொண்டே துடைத்தாள். நான் தலையைக் குனித்துக் காட்டிக்கொண்டு நின்றேன்.